மேன்ஹோல் ஆழமும் வடிகாலின் சரிவும்



2016 மே வெள்ளத்துக்குப் பின் ஒருகொடவத்தைக்குத் திரும்பிய நீங்கள், ஒழுங்கையில் போடும் மழைநீர்க் குழாயின் சரிவை நீங்களே கணக்குப் பார்க்கலாம்.

மூடியிலிருந்து குழாயின் உள்ளடி வரையுள்ள ஆழத்தை அளந்து, மூடி மட்டத்திலிருந்து கழித்தால் அடிமட்டம் வரும். உதாரணமாக, மேல் மேன்ஹோலின் மூடி மட்டம் 2.40 மீற்றர், ஆழம் 0.90, அடிமட்டம் 1.50. அங்கிருந்து 30 மீற்றர் தள்ளியுள்ள கீழ் மேன்ஹோலில் மூடி மட்டம் 2.55, ஆழம் 0.95, அடிமட்டம் 1.60. ஆழம் கூடத்தான், ஆனால் அடி 10 சென்ரிமீற்றர் உயர்ந்துவிட்டது. மேல் மேன்ஹோலில் தண்ணீர் தேங்கும்.

200க்கு 1 சரிவு வேண்டுமென்றால் 30 மீற்றருக்கு 0.15 மீற்றர் இறங்க வேண்டும். அப்போது கீழ் அடிமட்டம் 1.35, தோண்ட வேண்டிய ஆழம் 1.20 மீற்றர்.

மண் மூடுமுன் அளந்து பாருங்கள். ஆனால் வாய்க்கால் நீர் பெருகி அடிமட்டத்துக்கு மேல் ஏறினால், குழாய்வழியே தண்ணீர் திரும்பி வரும்; சரிவு அதைத் தடுக்காது.