விசாரணை நடக்கும்போது ராஜினாமா

மகாராஜபுரத்திலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் தினமும் பஸ் ஏறி, ராஜபாளையத்து மில்லுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் வங்கிக்கும் அரசு அலுவலகத்துக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்றைய பேச்சு பயன்படும். கையில் மெமோ வந்துவிட்டது, விசாரணை தொடங்கப் போகிறது. "எதற்கு இந்த வம்பு, எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம்" என்று ஒருவர் ராஜினாமா கொடுக்கிறார். நிர்வாகம் அதை ஏற்க மறுக்கலாமா?

பொதுத்துறை வங்கி அதிகாரி ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு நகைக்கடன் கணக்கில் தவறு நடந்ததாக, "உங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?" என்று அவருக்கு நோட்டீஸ் வருகிறது. மறு வாரமே மூன்று மாத முன்னறிவிப்போடு ராஜினாமா கொடுக்கிறார். மூன்று மாதம் முடிந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார். முடியவில்லை. 1979-இல் வந்த வங்கி அதிகாரிகள் பணி ஒழுங்குமுறைகளில் 20-வது விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருந்தால், உரிய அதிகாரி ஏற்றுக்கொள்ளாமல் ராஜினாமா செல்லாது. நடவடிக்கை தொடங்கும் முன்பே கொடுத்த கடிதத்துக்கும் இது பொருந்தும். விசாரணை அதிகாரி வந்து உட்கார்ந்தால்தான் நிலுவை என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த விதிப்படி, சஸ்பெண்ட் செய்தாலோ, விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்தாலோ அன்றைக்கே நிலுவை தொடங்கிவிடுகிறது. இறுதி உத்தரவு வரும்வரை அது தீராது.

நிர்வாகம் ஏன் இப்படிப் பிடித்து வைக்கிறது? ஆள் வேண்டும் என்பதற்காக அல்ல. பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டியைப் பாருங்கள். இருபது ஆண்டு உழைத்த மில் மேற்பார்வையாளர் ஒருவருக்கு, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 26,000 ரூபாய். அதை 26-ஆல் வகுத்து, 15 நாளுக்குக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 15,000. இருபது ஆண்டுக்கு மூன்று லட்சம். நிர்வாகத்துக்கு நஷ்டம் ஏற்படுத்தியதற்காகவோ, வன்முறைக்காகவோ, பணியின்போது செய்த ஒழுக்கக்கேடான குற்றத்துக்காகவோ வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்குத்தான் இந்தத் தொகையை முழுவதுமோ ஒரு பகுதியோ நிறுத்த முடியும். ராஜினாமா ஏற்கப்பட்டுப் போனவர் நீக்கப்பட்டவர் ஆகமாட்டார். கடிதத்தை ஏற்றுக்கொண்ட அன்றே அந்தப் பிடி நிர்வாகத்தின் கையைவிட்டுப் போய்விடுகிறது.

தனியார் மில்லில் நிலைமை வேறு. அங்கே நியமன உத்தரவும் சான்றிதழ் பெற்ற நிலையாணைகளும் என்ன சொல்கின்றன என்று முதலில் பார்க்க வேண்டும். விருப்பமில்லாதவரை வேலை செய் என்று கட்டாயப்படுத்த முடியாது. ஏர் இந்தியா ஊழியர் ஒருவரின் வழக்கில் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ராஜினாமா ஊழியரின் உரிமை என்றே சொன்னது. ஆனால் அதே வாக்கியத்தில் விதிவிலக்கையும் வைத்தது: பணி விதியிலோ நியமன நிபந்தனையிலோ தடை இருந்தாலோ, ஒழுங்கு நடவடிக்கையிலிருந்து தப்பிக்கவே ராஜினாமா கொடுத்தாலோ அந்த உரிமை நிற்காது.

மறுக்கும் அதிகாரம் இருக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு மறுப்பதும் சரியல்ல. சஸ்பெண்டில் இருக்கும் மத்திய அரசு ஊழியர் ராஜினாமா கொடுத்தால் என்ன செய்வது என்பதற்கு 1988-லேயே வழிகாட்டுதல் வந்தது. குற்றச்சாட்டு ஒழுக்கக்கேடு சார்ந்ததாக இல்லையென்றாலோ, நீக்கும் அளவுக்குச் சாட்சியம் வலுவாக இல்லையென்றாலோ, விசாரணை நெடுநாள் இழுத்து அரசுக்குச் செலவு கூடும் என்றாலோ ஏற்றுக்கொள்ளலாம் என்கிறது அது. நியாயமான அளவுகோல். ஆனால் நடைமுறை எப்போதும் அப்படி இருப்பதில்லை. கண்ணன் கோபிநாதன் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி 2019 ஆகஸ்டில் ராஜினாமா கொடுத்தார். குற்றச்சாட்டுக் குறிப்பாணை அதற்குப் பிறகுதான் வந்தது. 2020 ஏப்ரலில், ராஜினாமா ஏற்கப்படவில்லை, வேலைக்குத் திரும்புங்கள் என்று கடிதம் போனது. ஏற்கிறேன் என்றோ மறுக்கிறேன் என்றோ காரணத்தோடு சொல்லாமல் ஒருவரை மாதக்கணக்கில் தொங்கவிடுவது, என் கருத்தில், பெரிய அநீதி.

இந்த நிலையில் இருப்பவர் செய்யும் பெரிய பிழை, கடிதத்தைக் கொடுத்துவிட்டு வேலைக்கும் விசாரணைக்கும் போகாமல் இருப்பது. அனுமதியின்றி வராமல் இருந்தார் என்று புதிய குற்றச்சாட்டு சேரும். அவர் இல்லாமலே ஒருதலைப்பட்சமாக விசாரணை முடிந்து, நீக்கல் உத்தரவு பதிவுத் தபாலில் வீடு தேடி வரும். அதனால் கடிதத்தின் நகலில் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். முடிவை எழுத்தில் தரக் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் நினைவூட்டல் அனுப்புங்கள், அதற்கும் ஒப்புகை வாங்குங்கள். மறுத்தால் காரணம் கேளுங்கள்; பின்னால் நீதிமன்றத்துக்குப் போகும்போது அந்தக் காகிதம்தான் பேசும். சஸ்பெண்டில் இருந்தால் பிழைப்பூதியத்தையும் கேட்டு வாங்குங்கள். ஏற்பு உத்தரவு கைக்கு வரும்வரை ஒவ்வொரு விசாரணைத் தேதிக்கும் நேரில் போய், வருகையைப் பதிவு செய்யுங்கள்.