தீட்டு அதிகமா? எந்தக் குளிசை எதற்கு, எப்போது?

(தோட்ட மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாதத்தில் மூன்று நாள் மலைக்குப் போக முடியாமல் பேர் இழக்கும் பெண்கள் நம் லயங்களில் பலர். வேலைக்குப் போனாலும் துவாய் மாற்ற இடமில்லாமல் தவிப்பார்கள், கொழுந்து குறைந்து அரைப் பேர் விழும். கேட்டால் "எல்லோருக்கும் இருப்பதுதானே" என்பார்கள். இனிப் பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுத்த பெண்களுக்கு இதற்கு என்ன மருந்து உண்டு என்று இன்று பேசுவோம்.

ஓர் அக்காவை எடுத்துக்கொள்வோம். வயது 41, மூன்று பிள்ளைகள், எல்.ஆர்.டி செய்தாயிற்று. தீட்டு ஏழு நாள். முதல் மூன்று நாளும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு துவாய் நனைகிறது, கட்டி கட்டியாகவும் படுகிறது. ஏற்றம் ஏறினால் மூச்சு வாங்குகிறது. டாக்டர் முதலில் இரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்ப்பார், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்வார். கருப்பையில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் எழுதக்கூடும். அதன் பிறகுதான் மருந்து.

முதலாவது, டிரனெக்ஸாமிக் அசிட். இது ஹோர்மோன் அல்ல. உடம்பு கட்டும் இரத்த உறைவு சீக்கிரம் கரைந்துவிடாமல் காக்கும். போகும் இரத்தத்தைச் சுமார் பாதியளவு வரை குறைக்கும். வழக்கமாக எழுதுவது 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, நாளைக்கு மூன்று வேளை. பெரட்டுக்குப் போகுமுன், பகல், இரவு என்று வைத்துக்கொள்ளலாம். தீட்டு தொடங்கிய பின் குடிக்க வேண்டும். அதிகமாகப் படும் நாட்களில் மட்டும், நான்கு நாள் வரை. தீட்டுக்கு முன்பே தொடங்குவதாலோ மாதம் முழுவதும் குடிப்பதாலோ பயன் இல்லை. இது வலியைக் குறைக்காது, தீட்டு நாளையும் மாற்றாது. காலிலோ நெஞ்சிலோ இரத்தம் கட்டியவர்களுக்கும் வலிப்பு வந்தவர்களுக்கும் இது ஆகாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை டாக்டர் குறைப்பார்.

இரண்டாவது, வலிக் குளிசை. பெரசிட்டமோல் வலியை மட்டும் குறைக்கும். மெபனமிக் அசிட், ஐபுபுரோபன் இரண்டும் வலியோடு இரத்தப் போக்கையும் ஓரளவு குறைக்கும். மெபனமிக் அசிட் 500 மில்லிகிராம், மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின். வலி உச்சத்துக்கு வரும்வரை காத்திராமல் முதல் நாளே தொடங்கினால்தான் பலன். வெறும் வயிற்றில் தேத்தண்ணீரோடு விழுங்கினால் வயிறு புண்ணாகும். குடற்புண், சிறுநீரக நோய், வலிக் குளிசை குடித்தால் இழுப்பு வருவது, இதில் எது இருந்தாலும் முதலிலேயே சொல்ல வேண்டும். டாக்டர் சொன்னால் இந்த இரண்டு வகையையும் சேர்த்தே குடிக்கலாம். மூன்று தீட்டு பார்த்தும் குறையாவிட்டால் திரும்பிப் போய் வேறு வழி கேளுங்கள்.

மூன்றாவது, ஹோர்மோன். "எல்.ஆர்.டி செய்த எனக்கு எதற்குக் குடும்பக்கட்டுப்பாட்டு மருந்து?" என்று பலர் கேட்கிறார்கள். எல்.ஆர்.டி கருக்குழாயைத்தான் அடைக்கிறது, தீட்டைக் குறைக்காது. ஹோர்மோன் கருப்பையின் உள்தோலை மெல்லியதாக்குகிறது. தோல் மெல்லியதானால் கொட்டும் இரத்தமும் குறையும். மிகப் பலன் தருவது ஹோர்மோன் லூப். சாதாரண செப்பு லூப் வேறு, அது தீட்டைக் கூட்டவும் செய்யும். ஆகவே "எந்த லூப்?" என்று கேளுங்கள். இதை மகளிர் நோய் வைத்திய நிபுணரிடம் கேட்க வேண்டும். மூன்று மாத ஊசியும் ஒரு வழி. ஊசி போட்ட முதல் சில மாதம் ஒழுங்கில்லாமல் துளித் துளியாகப் படலாம், பிறகு பலருக்குத் தீட்டே நின்றுவிடும். கெட்ட இரத்தம் உள்ளே தேங்குகிறது என்று பயப்படாதீர்கள். உள்தோல் வளரவில்லை, அதனால் கொட்டுவதற்கு ஒன்றும் இல்லை. தினக் குளிசையும் தீட்டைக் குறைக்கும். ஆனால் பிரஷர், தலைப்பாதி வலி, 35 வயதுக்கு மேல் புகைப்பழக்கம், இரத்தம் கட்டிய வரலாறு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது. டிரனெக்ஸாமிக்கையும் அதையும் நீங்களாகச் சேர்த்துக் குடிக்காதீர்கள்.

அந்த அக்காவுக்கு இரத்தம் குறைவாக இருந்தால் இரும்புக் குளிசையும் தருவார்கள். அதைத் தேத்தண்ணீரோடு குடித்தால் உடம்பில் சேராது. ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள்.

மணிக்கொரு துவாய் நனைந்து தலை சுற்றினால், அல்லது குளிசை குடிக்கும்போது ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், நெஞ்சு வலித்தால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரண்டு தீட்டுக்கு இடையிலோ உறவுக்குப் பின்னோ இரத்தம் பட்டாலும், நின்ற தீட்டு ஒரு வருடம் கழித்து மீண்டும் வந்தாலும் குளிசை வாங்கிச் சமாளிக்காமல் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

கிளினிக் போகுமுன் இரண்டு மாதம் கலண்டரில் எழுதுங்கள்: எத்தனை நாள், நாளைக்கு எத்தனை துவாய், கட்டி பட்டதா, எத்தனை பேர் இழந்தோம். "கொஞ்சம் கூடத்தான்" என்று சொல்வதைவிட அந்தக் கணக்கைப் பார்த்தால் டாக்டருக்கு நம் நிலை விளங்கும். டாக்டரிடம் தனியாகச் சொல்லக் கூச்சமாக இருந்தால் குடும்பநல மருத்துவிச்சியிடம் முதலில் சொல்லுங்கள். நம் மாதர் பிரிவிலிருந்தும் ஒருவர் உடன் வருவோம்.