திருப்பி அனுப்புதலும் காரணமும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள தொடர்மாடி வீடுகளின் வாசல்களில் இன்று பொதிகள் நாள்தோறும் வந்து இறங்குகின்றன. கைத்தொலைபேசிச் செயலியின் மூலம் பொருள் வாங்கும் வழக்கம் அத்துணை பரவிவிட்டது. 2016ஆம் ஆண்டு முதல் டராஸ் என்னும் பெயர் இலங்கையில் வழங்கிவருகிறது. 2018இல் சீனாவின் அலிபாபாக் குழுமம் அந்நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. வாங்குவதில் பலரும் தேர்ந்துவிட்டனர். திருப்பி அனுப்புவதிலேதான் இடறுகின்றனர். அவ்விடறல் பெரும்பாலும் ஒரேயொரு வரியில் நேர்வது. திருப்பி அனுப்பும் காரணத்தைத் தெரிவுசெய்யும் வரி அது.

அவ்வரியை மனக்குறையைத் தெரிவிக்கும் இடமென்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது பொருளை எவ்விதம் சோதிப்பது என்பதைத் தீர்மானிக்கும் இடமாகும். பொதியை எடுக்க வருபவரிடம் சில வினாக்கள் கொடுக்கப்பட்டிருக்கும். இந்தியாவின் ஃபிளிப்கார்ட் போன்ற நிறுவனங்களில் இச்சோதனை வீட்டு வாசலிலேயே நடைபெறுவதுண்டு. வேறு சிலவற்றில் பண்டகசாலையில் நடைபெறும். எங்கே நடந்தாலும், எந்த வினாக்கள் கேட்கப்படும் என்பது வாங்கியவர் குறித்த காரணத்தைப் பொறுத்ததே.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். வெள்ளவத்தையில் ஒரு குடும்பத் தலைவி மின்சாரக் கேத்தல் ஒன்றைத் தருவித்தார் என்று வைத்துக்கொள்வோம். நீரூற்றி ஆளியை அழுத்தினார்; விளக்கு எரிந்தது, நீர் சுடவில்லை. விற்றவரைக் குறைகூற அவருக்கு மனம் வரவில்லை. ஆகவே “Change of mind”, அதாவது மனமாற்றம், என்னும் காரணத்தைத் தொட்டுவிட்டார். பண்பான சொல்லென்று அவர் கருதியது அவருக்கே பாதகமாயிற்று. மனமாற்றத்துக்குரிய வினாக்கள் வேறு: முத்திரை உடையாமல் இருக்கிறதா? பொருள் பயன்படுத்தப்படாததா? எடுக்க வந்த இளைஞர் மூடியைத் திறந்தார், உள்ளே நீர்க்கறை. “இல்லை” என்று பதிவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. காரணத்தை மாற்றும் அதிகாரமும் அவருக்கு இல்லை. பொதி வீட்டிலேயே தங்கியது.

அவர் குறித்திருக்க வேண்டியது “Defective”, அதாவது பழுதுடையது, என்பதாகும். அப்போது பெட்டி திறக்கப்பட்டிருப்பது தடையாகாது; திறந்து இயக்கினாலன்றிப் பழுது தெரியாதன்றோ? அங்கே கேட்கப்படுவன, அதே மாதிரிப் பொருள்தானா, அடித்தட்டும் உத்தரவாத அட்டையும் பெட்டியும் உடனிருக்கின்றனவா என்பனவே. கேத்தலின் அடியிலுள்ள மாதிரி இலக்கத்தின் படமொன்றும், விளக்கு எரிந்தும் நீர் சுடாததைக் காட்டும் சிறு காணொளியொன்றும் சேர்த்தால் வழக்கு உறுதிபெறும்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. கொட்டாஞ்சேனையில் ஒருவர் எட்டாம் அளவுச் சப்பாத்தைக் கேட்டார், எட்டாம் அளவே வந்தது, காலுக்கு இறுக்கமாயிருந்தது. வலுவான காரணமாயின் விரைவில் எடுப்பார்களென்று எண்ணி, “Wrong item”, அதாவது வேறு பொருள் வந்தது, என்று குறித்தார். வந்தவர் பெட்டியின் இலக்கத்தை ஓடருடன் ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றே, கோரிக்கை மறுக்கப்பட்டது. அளவு பொருந்தவில்லை என்ற காரணம் செயலியில் இருந்தால் அதுவே உரியது, இல்லையேல் மனமாற்றமே. ஆயினும் அட்டை அறுபடாமலும் அடிப்பாகம் அழுக்குறாமலும் இருத்தல் வேண்டும். சப்பாத்தைப் பாய்மீது நின்று அணிந்து பார்ப்பது அதனாலேயே நல்லது. மனமாற்றத்தை எல்லாப் பொருள்களுக்கும் ஏற்கமாட்டார்கள் என்பதையும் வாங்குமுன்னரே பொருளின் பக்கத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே மூன்று வினாக்களை முறையே கேட்டுக்கொண்டால் போதும். வந்தது கேட்ட பொருள்தானா? அன்றெனில் அது வேறு பொருள். கேட்டதுதான் எனில், அது உடையாமல் ஒழுங்காக இயங்குகிறதா? இயங்காவிடில் பழுது, வழியில் உடைந்து வந்திருந்தால் சேதம். சேதமாயின் வெளியுறையையும் எறியாமல் படம்பிடித்தல் வேண்டும். இரண்டிலும் குறையில்லையெனில் எஞ்சுவது மனமாற்றம் ஒன்றே.

தவறான காரணத்தைக் குறித்தாயிற்று, இனி என்செய்வது? எடுக்க வருபவரிடம் வாசலில் வாதாடுவதால் பயனில்லை. அவர் வருமுன்னரே வாடிக்கையாளர் சேவைக்கு எழுதி, கோரிக்கையை நீக்கிப் புதிதாகப் பதிய முடியுமா என்று கேட்டறிதல் வேண்டும். கேட்டறியாமல் நீக்கிவிடுதல் ஆகாது. திருப்பி அனுப்பும் காலத்தவணை பொருள் கைக்கு வந்த நாளிலிருந்தே எண்ணப்படுகிறது. மறுக்கப்பட்ட பொதியொன்று மேசைமேல் கிடக்கும் ஒவ்வொரு நாளும் அத்தவணையில் ஒரு நாள் கழிந்துகொண்டேயிருக்கும்.