முக்காலியும் நடுக்கத் தடுப்பும்

சுங்கைப் பட்டாணி நகரின் நடுவே 1936ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட மணிக்கூண்டு நிற்பதை நீங்கள் அறிவீர்கள். ஓர் இரவு, பாக்கார் ஆராங்கிலிருந்து நண்பர்கள் சிலர் அதைப் படம் எடுக்கச் சென்றோம். கேமராவை முக்காலியில் நன்றாகத் திருகிப் பொருத்தினோம். ஒளித்துளையை எட்டிலும், ஒளியுணர் அளவை நூறிலும் வைத்து, எட்டு வினாடி ஷட்டரைத் திறந்துவைத்தோம். கை படாமலிருக்க நேரத் தாமதத்தையும் பயன்படுத்தினோம். ஆயினும், கடிகார முகத்தின் முட்கள் இரட்டையாகத் தெரிந்தன. மூன்று படங்கள் எடுத்தோம். மூன்றிலும் மங்கல் வெவ்வேறு திசையில் இருந்தது.

முதலில் முக்காலியைத்தான் குறை சொன்னோம். சாலையில் லாரி போனால் தரை அதிருமல்லவா? ஆனால் லாரியே வராத நேரத்திலும் படம் மங்கியது. பிறகு திரையில் காட்சியைப் பெரிதாக்கிப் பார்த்தோம். கேமரா அசையாமல் நிற்க, கடிகாரம் மட்டும் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. லென்ஸின் நடுக்கத் தடுப்பை நிறுத்தினோம். அடுத்த படத்தில் முட்கள் கூர்மையாக வந்தன.

இது ஏன் என்று பார்ப்போம். 1995இல் கேனன் நிறுவனம் வெளியிட்ட 75-300 மி.மீ. லென்ஸ், மாற்றக்கூடிய லென்ஸ்களில் இவ்வசதி பெற்ற முதல் லென்ஸாகும். 2003இல் மினோல்டா ஒரு கேமராவின் உடலுக்குள்ளேயே இதை அமைத்தது. லென்ஸில் இருந்தால் ஒரு கண்ணாடித் தொகுதி அசையும். உடலில் இருந்தால் படம் பதியும் தகடு அசையும். இரண்டிலும் கட்டளை இடுவது ஒரு சிறு சுழற்சி உணரிதான். கை எப்பக்கம் சாய்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் கருவி நகர்ந்து ஈடு செய்கிறது.

அந்த உணரிக்குக் கண் கிடையாது. அசையாமல் இருக்கும்போதும் அதில் இம்மியளவு பொய்க் கணக்கு சேரும். வினாடியில் முப்பதில் ஒரு பங்கில் அது பொருட்டல்ல. எட்டு வினாடியில் அதுவே படத்தை இழுத்துவிடும். மற்றொரு காரணமும் உண்டு. கோயில் திருவிழாவில் ஒலிவாங்கியை ஒலிபெருக்கியின் முன் கொண்டுபோனால் கூச்சலிடுகிறதே, அதுபோலத்தான். கருவியின் மோட்டார் அசையும் அதிர்வு முக்காலியில் திரும்பி வர, உணரி அதையே புதிய நடுக்கமாக எண்ணி மீண்டும் ஈடு செய்யக்கூடும். கையில் பிடித்திருந்தால் நம் சதை அந்த அதிர்வை உறிஞ்சிவிடும்.

ஆகவே, கையில் பிடிக்கும்போது தடுப்பை இயக்குங்கள். பொத்தானைப் பாதி அழுத்தி, காட்சி நிலைகொள்ள ஒரு வினாடி பொறுத்து, பிறகு முழுதும் அழுத்துங்கள். 200 மி.மீ. லென்ஸுக்கு வழக்கமாக இருநூறில் ஒரு வினாடியாவது வேண்டும். மூன்று படி உதவும் தடுப்பு இருந்தால், இருபத்தைந்தில் ஒரு வினாடியிலும் கோபுரம் தெளிவாக வரக்கூடும். ஆனால் தைப்பூசத்தில் ஆடிவரும் காவடியை அந்த வேகத்தில் எடுத்தால் கோபுரம் தெளியும், காவடி மங்கும். தடுப்பு நம் கையின் நடுக்கத்தை மட்டுமே நிறுத்தும். எதிரில் உள்ளவரின் அசைவை நிறுத்தாது. காவடிக்கு இருநூற்றைம்பதில் ஒரு வினாடியாவது வைப்பது நல்லது.

முக்காலியில் பொருத்தி, தலையையும் இறுக்கி, கையை எடுத்துவிட்டால் தடுப்பை நிறுத்துங்கள். சில கேமராக்களில் லென்ஸிலும் உடலிலும் தனித்தனியே தடுப்பு உண்டு. ஒன்றை நிறுத்தினால் மற்றொன்றும் நின்றதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒற்றைக்கால் தாங்கியானாலும், முக்காலியின் தலையைத் தளர்த்தி லென்ஸைக் கையால் திருப்பிக்கொண்டிருந்தாலும், கை நடுக்கம் இருக்கத்தான் செய்யும். அப்போது தடுப்பு இயங்கட்டும். முக்காலியைத் தாமே உணர்ந்து அடங்கும் லென்ஸ்களும் வந்துவிட்டன. உங்களுடையது அவ்வகையா என்பதைக் கையேடு கூறும்.

கையேட்டை மட்டும் நம்பாமல் நீங்களே சோதித்தும் பார்க்கலாம். சுவரில் ஒரு நாளிதழை ஒட்டுங்கள். கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஒரு வினாடி ஷட்டரில், நேரத் தாமதத்துடன், தடுப்பு இயங்க ஐந்து படமும் நிறுத்தி ஐந்து படமும் எடுத்து, எழுத்துகளைப் பெரிதாக்கி ஒப்பிடுங்கள். முதல் ஐந்தும் ஒவ்வொரு திசையில் மங்கி, அடுத்த ஐந்தும் தெளிவாக இருந்தால் குறை தடுப்பில்தான். பத்தும் மங்கியிருந்தால் முக்காலியையும் குவியத்தையும் கவனியுங்கள்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். அன்றிரவு நாங்கள் முக்காலியை மடக்கியபின், தடுப்பை மீண்டும் இயக்க மறந்துவிட்டோம். வழியில் கையில் பிடித்து எடுத்த கடைத்தெருப் படங்கள் அத்தனையும் மங்கிப்போயின. முக்காலியிலிருந்து கேமராவைக் கழற்றும் கை, அந்த விசையையும் திருப்பட்டும்.