பேர் வெட்டப்பட்டால் என்ன செய்வது?

(மீள்குடியேறும் குடும்பங்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)



தோட்டத்துக்குத் திரும்பி வந்து பேர் பதியும்போது சிலருக்கு ஒரு பயம் இருக்கும். "எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. லயத்துக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமா?" இன்று அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஒரே மலையில் கொழுந்து பறிப்பதாலோ, ஒரே பீலியில் தண்ணீர் பிடிப்பதாலோ எச்.ஐ.வி. தொற்றாது. ஆகவே துரையிடமோ கங்காணியிடமோ நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. 2010ஆம் ஆண்டு சர்வதேச தொழில் அமைப்பு வெளியிட்ட 200ஆம் இலக்கப் பரிந்துரையும், வேலைக்காக எச்.ஐ.வி. பரிசோதனை செய்யச் சொல்லக்கூடாது என்கிறது. லீவுக்குத் துண்டு வாங்கும்போது, நோயின் பெயர் இல்லாமல் ஓய்வு நாட்களை மட்டும் எழுதித் தரும்படி வைத்தியரிடம் கேளுங்கள்.

ஆனால் பரிந்துரை சட்டம் அல்ல. கையில் பிடிக்கக்கூடியது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், அதாவது தொழிலாளரை வேலையிலிருந்து நீக்குவது பற்றிய சட்டம். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், கடந்த 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்தவரை நோயைக் காரணம் காட்டி நிறுத்த முடியாது. அதற்கு அவருடைய எழுத்து மூலச் சம்மதமோ, தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும்.

இதில்தான் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு அம்மாவின் நோய் எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். "உன் நல்லதுக்குத்தான், நீயே விலகுவதாக எழுதிக் கொடு" என்கிறார்கள். கையெழுத்துப் போட்டால் அது அவருடைய சம்மதமாகிவிடும். போடவேண்டாம். வாசிக்கத் தெரியாத கடிதத்தில் கைநாட்டும் வைக்கவேண்டாம். "நிறுத்துவதானால் கடிதமாகத் தாருங்கள்" என்று மட்டும் கேளுங்கள். ஒழுங்கீனம் என்று குற்றம் சாட்டி நிறுத்தினாலும், இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் தரவேண்டும்.

கடைசியாக வேலைக்குப் போன திகதி, "வராதே" என்று சொன்னவர் யார், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதை அன்றைக்கே எழுதி வையுங்கள். சம்பளத் துண்டுகளையும் சேமலாப நிதிப் பத்திரங்களையும் சேர்த்து வையுங்கள். 180 நாளைக் காட்ட அவைதான் உதவும். பிறகு ஆறு மாதத்துக்குள் ஹட்டன் அல்லது நுவரெலியா தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள். குற்றம் சாட்டி நிறுத்தியிருந்தால் தொழில் நியாய சபைக்குப் போகலாம்.

புதிதாகப் பேர் பதிந்தவர்களுக்கு 180 நாள் நிரம்பும்வரை அந்த 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் காப்பு இல்லை. அந்த நாட்களில் இரகசியம்தான் உங்கள் பெரிய காவல். லயத்தில் யாரிடம் சொல்வது என்பதை நிதானமாக யோசித்து முடிவு செய்யுங்கள்.