லாரிக்கு ஏன் யூரியா?
(அருப்புக்கோட்டையில் அறிவியல் ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் நான்கு வழிச்சாலை நம் ஊர் வழியாகத்தான் போகிறது. துறைமுகத்துக்குப் போகும் லாரிகளை நம் மாணவர்கள் தினமும் பார்க்கிறார்கள். அவர்களில் பலருடைய அப்பாவோ சித்தப்பாவோ லாரி ஓட்டுகிறார்கள். "பயிருக்குப் போடுற யூரியாவ லாரிக்கு ஏன் சார் ஊத்துறாங்க?" என்று ஒரு மாணவன் கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அது எளிதில் வினைபுரியாத வாயு என்று பாடம் நடத்துகிறோம். ஆனால் டீசல் எஞ்சினின் சிலிண்டருக்குள் தீச்சுடரின் வெப்பநிலை 1500 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது நைட்ரஜனும் ஆக்சிஜனோடு சேர்கிறது. அப்படி உருவாகும் NO, NO₂ ஆகிய இரண்டையும் சேர்த்து நைட்ரஜன் ஆக்சைடுகள் என்கிறோம். இவை டீசலில் இருந்த அழுக்கினால் வருவதில்லை. எவ்வளவு சுத்தமான டீசலை ஊற்றினாலும், சூடும் காற்றும் இருந்தால் இவை உருவாகும்.

இதைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உருவாகும்போதே தடுப்பது. மற்றது, உருவாக விட்டுப் பிறகு உடைப்பது.

முதல் வழியில், வெளியேறும் புகையில் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் சிலிண்டருக்குள் அனுப்புகிறார்கள். இதை இ.ஜி.ஆர். என்பார்கள். ஒரு கணக்குப் போட்டால் விளங்கும். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்; புகையில் 10 சதவீதம் மிச்சம் இருப்பதாகக் கொள்வோம். உள்ளே போவதில் ஐந்தில் ஒரு பங்கு புகை என்றால், கலவையில் ஆக்சிஜன் 18.8 சதவீதமாகக் குறைகிறது. புகையிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வெப்பத்தை அதிகம் வாங்கிக்கொள்கின்றன. சுடர் தணிகிறது, நைட்ரஜன் ஆக்சைடும் குறைகிறது. ஆனால் ஆக்சிஜன் குறைந்தால் டீசல் முழுதாக எரியாமல் கரி மிஞ்சும். அந்தக் கரி இ.ஜி.ஆர். வால்விலும் குளிர்விப்பானிலும் படிந்து அடைத்துக்கொள்ளும். வண்டி இழுவை குறைந்து கரும்புகை கக்கினால் மெக்கானிக் அங்கேயும் கை வைத்துப் பார்ப்பது இதனால்தான்.

இரண்டாம் வழியில், எஞ்சினைச் சூடாகவே நன்றாக எரிய விடுகிறார்கள். கரி குறைவு, டீசலும் மிச்சம். ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு நிறைய வரும். சைலன்சருக்குப் போகும் குழாயில் யூரியாக் கரைசலைத் தெளிக்கிறார்கள். சூட்டில் யூரியா சிதைந்து அம்மோனியா தருகிறது. அது வினையூக்கியின் மேல் இப்படி வினைபுரிகிறது:

4NH₃ + 4NO + O₂ → 4N₂ + 6H₂O

மிஞ்சுவது நைட்ரஜனும் நீரும்தான். இந்த முறைக்கு எஸ்.சி.ஆர். என்று பெயர். புகை ஏறத்தாழ 200 டிகிரிக்குமேல் சூடாக இருந்தால்தான் இது ஒழுங்காக நடக்கும். நின்று நின்று போகும் டவுன் பஸ்சைவிட நான்கு வழிச்சாலையில் ஓடும் லாரிக்கு இது எளிது.

இரண்டில் எது சிறந்தது என்ற கேள்விக்கு நம் மாநிலத்திலேயே விடை கிடைத்தது. 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 4 விதி வந்தது. கனரக எஞ்சின் ஒரு கிலோவாட் மணி வேலைக்கு 3.5 கிராம் நைட்ரஜன் ஆக்சைடு வரை வெளியிடலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அசோக் லேலண்ட், யூரியா தேவைப்படாத இ.ஜி.ஆர். வழியைத் தேர்ந்தது. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் தயாராகும் பாரத்பென்ஸ் லாரிகள் யூரியா வழியில் வந்தன. யூரியாக் கரைசல் எளிதில் கிடைக்காத ஊர்களில் முதல் வழிக்கு ஒரு நியாயம் இருந்தது.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தபோது அளவு 3.5 கிராமிலிருந்து ஏறத்தாழ 0.4 கிராமாக இறங்கியது. அதற்கு இ.ஜி.ஆர். மட்டும் போதவில்லை. இன்னும் புகையைத் திருப்பினால் கரி ஏறும். கரிக்கான வரம்பும் கூடவே இறங்கியிருந்தது. அசோக் லேலண்டும் எஸ்.சி.ஆர். முறையைச் சேர்த்துக்கொண்டது. அமெரிக்காவிலும் இதே கதைதான். இ.ஜி.ஆர். மட்டுமே போதும் என்று நின்ற நேவிஸ்டார் நிறுவனம் 2012இல் யூரியாவுக்கு மாறியது.

சரி, எவ்வளவு யூரியா வேண்டும்? இது பத்தாம் வகுப்பு மோல் கணக்குதான். 60 கிராம் யூரியா இரண்டு மோல் அம்மோனியா தரும். ஆக, ஒரு மோல் நைட்ரஜன் ஆக்சைடுக்கு 30 கிராம் யூரியா. விதியில் இதை NO₂ ஆக, அதாவது மோலுக்கு 46 கிராமாக, எடைபோடுகிறார்கள். கரைசலில் யூரியா 32.5 சதவீதம். எனவே 30 கிராம் யூரியாவுக்கு 92 கிராம் கரைசல். சுருக்கமாக, ஒரு கிராம் நைட்ரஜன் ஆக்சைடுக்கு இரண்டு கிராம் கரைசல்.

100 லிட்டர் டீசல் சுமார் 83 கிலோ. ஒரு கிலோவாட் மணிக்கு 200 கிராம் டீசல் என்றால் 415 கிலோவாட் மணி வேலை. எஞ்சினிலிருந்து 6 கிராம் வருவதை 0.4 ஆக்க, 5.6 கிராம் வீதம் 2.3 கிலோ நீக்க வேண்டும். கரைசல் 4.6 கிலோ, லிட்டரில் 4.3 போல. டீசல் அளவில் நான்கைந்து சதவீதம் யூரியாக் கரைசல் செலவாகும் என்பதன் கணக்கு இதுவே.

இந்தக் கணக்கு தெரிந்தவுடன் ஓர் ஆசை வரும். வீட்டில் உர மூட்டை இருக்கிறது, போரில் தண்ணீர் இருக்கிறது, நாமே கலக்கினால் என்ன? மானிய உரத்தை இப்படித் திருப்புவது குற்றம் என்பது ஒரு புறம். வேதியியல் சொல்வதைக் கேளுங்கள். கரைசலுக்கான பன்னாட்டுத் தர வரம்பில் கால்சியம் ஒரு கிலோவுக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. இந்தியக் குடிநீர்த் தரத்தில் விரும்பத்தக்க கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம். அது முழுதும் கால்சியத்தால் வந்தது என்றால் 80 மில்லிகிராம் கால்சியம். நல்ல குடிநீரே வரம்பைப் போல நூறு மடங்குக்கு மேல். திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்து உப்புத் தண்ணீரைச் சொல்லவே வேண்டாம். நீர் ஆவியானதும் அந்த உப்பு தெளிப்பானிலும் வினையூக்கியிலும் வெள்ளையாகப் படியும். உர யூரியாவின் மேல் 2015 முதல் வேம்பு எண்ணெய்ப் பூச்சும் இருக்கிறது. அது வடிகட்டியை அடைக்கும்.

இதில் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. டேங்கிலுள்ள உணரி பெரும்பாலும் கரைசலின் செறிவைத்தான் பார்க்கிறது. 32.5 சதவீதம் சரியாக இருந்தால் வீட்டுக் கலவையும் தேர்ச்சி பெற்றுவிடும். வினையூக்கி கெட்டபின், புகைக்குழாய் உணரி நைட்ரஜன் ஆக்சைடைக் கண்டு விளக்கு எரியும். பிறகு எஞ்சினின் திறன் தானாகக் குறைக்கப்படும். சுமையோடு நடுவழியில் நிற்பவர் நம் மாணவனின் அப்பா. முதலில் மிச்சமான பணம் வினையூக்கி மாற்றும் செலவில் பல மடங்காகப் போய்விடும்.

நல்ல கரைசலும் வெயிலில் கெடும். 25 டிகிரியில் 18 மாதம் தாங்குவது 35 டிகிரியில் 6 மாதமே தாங்கும். அதனால் வெயிலில் அடுக்கிய கேனை வாங்கக் கூடாது.

வகுப்பில் இதைக் காட்ட ஒரு சோதனை போதும். இரண்டு கண்ணாடித் துண்டுகளில் ஒன்றில் பள்ளி போர் தண்ணீரையும், மற்றதில் காய்ச்சி வடித்த நீரையும் பத்துச் சொட்டு விட்டு வெயிலில் காய விடுங்கள். மதிய இடைவேளைக்குள் ஒன்றில் வெள்ளைத் தடம் இருக்கும். லாரியின் வினையூக்கியில் படிவது அதுதான் என்று சொல்லுங்கள். மாணவன் அதை வீட்டில் போய்ச் சொல்வான்.