எடை தூக்கத் தொடங்குபவருக்கு எவ்வளவு புரதம்?

(குடியிருப்போர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நம் ஜிம்மில் புதிதாகச் சேர்ந்தவர்கள் பலர் கேட்பது ஒரே கேள்விதான்: "எவ்வளவு புரோட்டீன் சாப்பிடணும்? பவுடர் வாங்கணுமா?" பதிலை ஒரு கணக்காகவே போட்டுப் பார்த்துவிடலாம்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு, ஆரோக்கியமான பெரியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். இது எல்லோருக்குமான தினசரி அளவு. எடைப் பயிற்சி செய்பவர் 1.2 கிராமில் தொடங்கலாம். 1.6 வரை போகலாம். அதற்கு மேல் சாப்பிட்டால் தசை கூடுதலாக வளர்வதில்லை என்று அதே நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் சொல்கிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் 65 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். 65-ஐ 1.2-ஆல் பெருக்கினால் 78 கிராம். அவர் இப்போது சாப்பிடுவதில் எவ்வளவு இருக்கிறது? காலையில் நான்கு இட்லி 8, சாம்பார் 4. காபி, டீயில் சேரும் பால் ஒரு டம்ளர் 6. மதியம் இரண்டு கப் சாதம் 8, சாம்பார் 4, பொரியல் 2, தயிர் 5. இரவு மூன்று சப்பாத்தி 9, பருப்பு 4. மொத்தம் சுமார் 50 கிராம். இன்னும் 28 கிராம் வேண்டும்.

இரண்டு முட்டை 12, ஐம்பது கிராம் கொண்டைக்கடலையில் செய்த சுண்டல் 10, இரவில் ஒரு டம்ளர் பால் 6. கணக்கு முடிந்தது, பவுடர் தேவைப்படவில்லை. முட்டை சாப்பிடாதவர்கள் 25 கிராம் மீல் மேக்கர் சேர்த்தால் அந்த 12 கிராம் கிடைத்துவிடும். கடலை, மீல் மேக்கர் இரண்டையும் ஊறவைக்கும் முன்பே நிறுக்க வேண்டும். ஊறியபின் நிறுத்தால் தண்ணீரின் எடையும் சேர்ந்து கணக்கு தவறிவிடும்.

பலர் குழம்புவது இங்கேதான்: 100 கிராம் கொண்டைக்கடலை என்றால் 100 கிராம் புரதம் அல்ல, சுமார் 20 கிராம்தான்.

உடல் பருமன் உள்ளவர்கள் இப்போதைய எடையை வைத்துக் கணக்கிட வேண்டாம். 165 செ.மீ. உயரமுள்ளவர் 90 கிலோ இருந்தால், அந்த உயரத்துக்கு ஏற்ற சுமார் 63 கிலோவை வைத்துக் கணக்கிட்டால் 76 கிராம் வரும். 90-ஐ வைத்தால் 108 ஆகிவிடும். கொழுப்புக்கு அவ்வளவு புரதம் தேவையில்லை.

கடைசியாக ஒன்று. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் இந்தக் கணக்கைத் தாமாகத் தொடங்கக் கூடாது. சிறுநீரகம் பழுதடையத் தொடங்கினால் ஆரம்பத்தில் வலியோ அறிகுறியோ தெரியாது. இரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின் இரண்டையும் பரிசோதித்து, மருத்துவர் சொல்லும் அளவையே பின்பற்றுங்கள்.